முகப்படத்தைச் செப்பனிட முதற் கருவி எது? கைத்தொலைபேசியா, கணினியா?

நிழற்படக் கலையிற் புதிதாகப் புகும் மாணவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "படத்தைத் திருத்துவதற்கு எந்தச் செயலி நல்லது?" என்பதே அது. கேள்வி எளியது, ஆனால் இவ்வாறு கேட்டால் விடை கிடைப்பது அரிது. கடலையும் மலையையும் படம்பிடிப்பவனுக்கு ஏற்ற கருவி, தன் ஆச்சியின் முகத்தைப் படம்பிடிப்பவனுக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. வானம் சற்று நீலமாகிவிட்டால் யாரும் குறைகூறமாட்டார்கள். முகம் சற்று நிறம் மாறிவிட்டாலோ, வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே பார்வையிற் கண்டுபிடித்துவிடுவர். ஆதலின் இக்கட்டுரையில் முகப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதன்முதலாகச் செயலி தேடும் ஒருவர் எதனைத் தெரிந்துகொள்வது என்பதை ஆராய்வோம்.

படத்தைச் செப்பனிடுவது இன்று தோன்றிய வழக்கமன்று. படச்சுருள் வழங்கிய காலத்திலே படப்பிடிப்பு நிலையங்களில் இதற்கென்றே தொழிலாளர் இருந்தனர். எதிர்ப்படத்தை ஒளிவிடும் பலகையின்மீது வைத்து, கூரிய பென்சிலால் முகத்திலுள்ள சுருக்கங்களின்மேல் நுண்ணிய புள்ளிகளை இடுவார்கள். எதிர்ப்படத்திலே சுருக்கம் வெளிறிய கோடாகத் தெரியும். அதன்மேற் பென்சிற் கரி படிந்தால், அச்சிடும்போது அவ்விடம் இருளாது வெளுப்பாகும். கைதேர்ந்தவர் இரண்டு புள்ளியுடன் நிறுத்திக்கொள்வார். கைதேராதவர் முகத்தை மாவுப் பொம்மையாக்கிவிடுவார். இன்று பென்சிலுக்குப் பதிலாக விரலும் சுட்டியும் வந்துள்ளன. எங்கே நிறுத்துவது என்ற வினா மட்டும் மாறவில்லை.

ஒரு முகப்படத்துக்கு உண்மையில் வேண்டிய திருத்தங்கள் மிகச் சிலவே. முகத்தின்மேல் விழுந்த ஒளி போதாதாயின் அதனை உயர்த்துதல், தோலின் நிறம் மாறியிருப்பின் நேராக்குதல், அன்றைக்கென்று வந்த பரு அல்லது தூசியை நீக்குதல், ஓரங்களை வெட்டிச் சீர்செய்தல் என்பனவே அவை. இவற்றைக் கருத்திற்கொண்டு பார்த்தால், செயலியிடம் இரண்டு தகுதிகளைத் தேடினாற் போதும். முதலாவது, படத்தின் மற்றப் பகுதிகளைத் தொடாமல் முகத்தை மட்டும் தனியே திருத்த அது இடந்தர வேண்டும். இரண்டாவது, செய்த திருத்தத்தை நாளை மனம் மாறினால் விலக்கிக்கொள்ள அது வழிவிட வேண்டும். அலங்கார வண்ணங்களும் மலர்ச்சட்டங்களும் எத்தனை இருந்தாலும், இவ்விரண்டும் இல்லாத செயலி முகப்படத்துக்கு உதவாது.

விறாந்தையில் எடுத்த படம்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணி. ஆச்சி விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் வெள்ளைச் சேலையுடன் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் முற்றத்தில் வெயில் எறிக்கிறது. உயர்தர வகுப்பிற் படிக்கும் பேரன் தன் கைத்தொலைபேசியில் அவரைப் படம்பிடிக்கிறான். ஆச்சியின் சிரிப்பு அழகாக விழுந்துவிட்டது; ஆனால் முற்றத்தின் வெளிச்சத்தைக் கண்டு கமெரா மயங்கியதால் முகம் இருண்டுவிட்டது. வீட்டார் இப்படத்தை 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமுமாகப் பெருப்பித்துக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புகின்றனர். நம்மவர் வீடுகளில் இத்தகைய ஒரு படம் எத்தனை தலைமுறைக்கு நிற்குமென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

செயலியைத் திறப்பதற்கு முன்னர்ப் பார்க்க வேண்டியது, கையிலிருக்கும் படம் எத்தகையது என்பதே. இக்காலத்துச் சாதாரணக் கைத்தொலைபேசி 3000 படப்புள்ளி அகலமும் 4000 படப்புள்ளி உயரமுமுள்ள படத்தைத் தருகிறது. அதனை 8க்கு 10 என்ற அளவுக்கு வெட்டினால் 3000க்கு 3750 எஞ்சும். அதாவது அச்சிலே அங்குலம் ஒன்றுக்கு 375 புள்ளிகள். 300 இருந்தாலே தெளிவான அச்சுக் கிடைக்கும். கதிரையும் தூணும் வேண்டாம், தலையும் தோளுமே போதுமென்று நெருக்கி வெட்டி 1600க்கு 2000 ஆக்கினாலும் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் இருக்கும். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும்.

ஆனால் அதே படத்தைப் பேரன் வட்ஸ்அப் மூலம் தன் தமக்கைக்கு அனுப்பி, அவள் அதனைத் திருத்தத் தொடங்கினால் கதை வேறாகிவிடும். சாதாரண முறையில் அனுப்பும் படத்தை அச்செயலி சுருக்கிவிடுகிறது. நீளப் பக்கத்திற் சுமார் 1600 புள்ளிகளே மிஞ்சும். அவ்வளவே நெருக்கி வெட்டினால் 640க்கு 800 எஞ்ச, அங்குலத்துக்கு 80 புள்ளிகள்தாம் தேறும். கைத்தொலைபேசித் திரையில் அது குறையின்றித் தோன்றும். அச்சிட்டாற் கண்ணிமைகள் கரைந்துபோய் நிற்கும். எந்தச் செயலியாலும் இழந்த புள்ளிகளை உள்ளபடி மீட்டுத்தர இயலாது. ஆகவே படத்தை அனுப்ப நேர்ந்தால், வட்ஸ்அப்பிலே Document என்னும் வழியாக அனுப்புக. அப்போது கோப்பு மாறாமற் போய்ச் சேரும்.

கைத்தொலைபேசியிற் செய்யும் முறை

முதற் செயலியாக நாம் எடுத்துக்காட்ட விரும்புவது Snapseed என்று எழுதித் தேடினாற் கிடைக்கும் செயலியை. 2011 இல் வெளிவந்த இது, 2012 முதல் கூகிள் நிறுவனத்தின் உடைமையாக இருக்கிறது. அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டிலும் கட்டணமின்றி இயங்குகிறது. நாம் மேலே கூறிய இரு தகுதிகளும் இதற்கு உண்டு. முகத்தை மட்டும் திருத்தலாம். செய்த ஒவ்வொரு படியையும் View edits என்னுமிடத்தில் வரிசையாகக் கண்டு, வேண்டாததை நீக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் மாறக்கூடுமாதலால், கருவிகளைப் பெயரால் மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

ஆச்சியின் படத்தில் முதலில் நிறத்தைப் பார்ப்போம். விறாந்தையின் நிழலில் விழும் ஒளி நேரே சூரியனிலிருந்து வருவதன்று. வானத்திலிருந்தும் மர இலைகளிலிருந்தும் தெறித்து வருவது. ஆதலால் நிழலில் எடுத்த முகத்திலே நீலமோ பச்சையோ மெல்லப் படிந்திருக்கும். White Balance என்னும் கருவியிலே, இது வெள்ளை என்று ஓரிடத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு துளிக்குழாய் உண்டு. சேலையின்மீது அதனை வைத்தால் நிறம் ஒரு நொடியில் நேராகும். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பலமுறை வெளுத்துக் கட்டிய சேலை உண்மையில் வெள்ளையன்று. சற்று மஞ்சள் ஏறியது. அதனைத் தூய வெள்ளையென்று செயலி நம்பினால், படம் முழுவதையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிடும்; முகம் சாம்பல் பூசியதுபோலாகும். துளிக்குழாய் காட்டிய இடத்திலேயே நின்றுவிடாமல், வெப்பத்தைக் கையாற் சிறிது ஏற்றி, முகத்தைப் பார்த்து முடிவுசெய்தலே நன்று. சேலை வெள்ளையாவதைவிட ஆச்சி ஆச்சியாக இருத்தல் முக்கியம்.

அடுத்தது ஒளி. படம் முழுவதையும் பிரகாசமாக்கினால் முகம் தெளியும். ஆனால் ஏற்கனவே வெளுத்திருக்கும் முற்றம் முழு வெள்ளையாகி, வேப்பமரமும் வேலியும் மறைந்துபோம். இங்கேதான் Selective என்ற கருவி உதவுகிறது. ஆச்சியின் கன்னத்திலே விரலால் ஒருமுறை தொட்டால் ஒரு புள்ளி நடப்படும். இரு விரல்களைத் திரையில் வைத்து விரித்தோ ஒடுக்கியோ பார்த்தால், அப்புள்ளியின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்கிறதென்பது சிவப்பு நிறத்திலே தெரியும். முகத்தளவுக்கு அதனை ஒடுக்கிவிட்டு, விரலை வலப்புறம் இழுத்தால் அவ்விடத்தின் பிரகாசம் ஏறும். இக்கருவி வட்டத்துக்குள் இருப்பவற்றையெல்லாம் ஒருங்கே தூக்குவதில்லை. தொட்ட இடத்தின் நிறத்தை ஒத்தவற்றையே பெரிதும் பற்றிக்கொள்கிறது. கன்னத்திலே தொட்டால் தோல் தெளியும். நரைமுடியும் பின்னால் உள்ள சுவரும் அதிகம் அசையா. விரலாற் கோடு வரைந்து முகத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாத புதியவருக்கு இஃது ஒரு பெரும் வசதி.

எவ்வளவு ஏற்றுவது? 30 என்ற பெறுமானத்தில் தொடங்கி, கண்ணிமைக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள நிழல் இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்நிழல் மறைந்துவிட்டால் முகம் தட்டையாகும். ஒரு படி இறங்குக. அடுத்து, புதியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் விடும் பிழையொன்று உண்டு. முகத்தைத் தெளிவாக்கிவிட்டுக் கழுத்தையும் கைகளையும் இருளிலேயே விட்டுவிடுவார்கள். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஆனால் முகமூடி அணிந்தவர்போல இருக்கிறதே என்று தோன்றும். கழுத்தில் ஒரு புள்ளியும், மடியிலே கோத்திருக்கும் கைகளில் ஒரு புள்ளியும் நட்டு, முகத்துக்குக் கொடுத்ததில் பாதியளவு கொடுத்தால் இக்குறை தீரும். இக்கருவியில் எட்டுப் புள்ளிகள்வரை நடலாம். நமக்கு மூன்றே போதும்.

பின்னர் Healing. இதனால் தொட்ட இடம் அருகிலுள்ள தோலைக்கொண்டு மூடப்படும். எதனை மூடுவது என்பதற்கு எளிய விதியொன்றைக் கைக்கொள்ளலாம். இரண்டு கிழமைகளில் தானே மறையக்கூடியதை நீக்குக, மறையாததை விட்டுவிடுக. பரு, நுளம்பு கடித்த தடிப்பு, கன்னத்தில் ஒட்டிய தூசி ஆகியவை போகலாம். மச்சமும், தழும்பும், நெற்றிக் கோடுகளும் இருக்கட்டும். அவை பிழைகளல்ல, அடையாளங்கள்.

கூர்மையைக் கூட்டும் Details கருவியை முகப்படத்தில் மிகச் சிறிதளவே தொட வேண்டும். அதிலுள்ள Structure என்னும் திருகை ஏற்றினால் ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாகி, எழுபது வயது முகம் தொண்ணூறாகத் தோன்றும். அதனைக் குறைத்தாலோ தோல் மெழுகுபோலாகும். அதனைத் தொடாமல் விடுவதே முதல் மாதத்தில் நல்லது.

முகம் வெளுப்பாக்கும் செயலிகள்

இவ்விடத்தில் ஒரு பக்கச் செய்தியைச் சொல்லாமற் போக முடியவில்லை. ஒரே தொடுகையில் அழகாக்குவோமென்று வரும் செயலிகள் பல. நமது பேரனின் தமக்கை அத்தகைய ஒன்றில் ஆச்சியின் படத்தை இட்டாளென்று வைத்துக்கொள்வோம். கணப்பொழுதிற் சுருக்கங்கள் ஓடிவிட்டன, நிறம் வெளுத்துவிட்டது, தாடை ஒடுங்கிவிட்டது. ஆச்சியிடம் காட்டினால், "இது ஆற்றை படம் பிள்ளை?" என்று கேட்பார். அக்கேள்வியிலே நகைச்சுவை ஒரு பங்கு, வருத்தம் ஒரு பங்கு.

இருண்ட முகத்தைத் தெளிவாக்குவதும் கறுத்த முகத்தை வெளுப்பாக்குவதும் ஒன்றல்ல. இரண்டையும் கண்ணால் மட்டுமன்றி எண்ணாலும் பிரித்தறியலாம். திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். இயல்பான ஒளியிலே மனிதர் தோல் எந்த நிறத்ததாயினும், சிவப்பு மேலாகவும், பச்சை அதற்கடுத்தும், நீலம் கீழாகவும் நிற்கும். உதாரணமாக, ஆச்சியின் கன்னம் இருண்ட படத்தில் 92, 62, 48 என்றிருப்பதாகக் கொள்வோம். நேர்மையாக ஒளியை ஏற்றினால் அஃது ஏறத்தாழ 150, 101, 78 ஆகும். மூன்று எண்களும் உயர்ந்தன. ஆனால் அவற்றினிடையேயுள்ள விகிதம் அப்படியே இருக்கிறது. ஆகவே நிறம் அவருடையதே. வெளிச்சம் மட்டும் கூடியது. வெளுப்பாக்கும் செயலியிற் போட்டால் 205, 180, 170 போன்ற எண்கள் வரும். எண்கள் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன, விகிதம் குலைந்துவிட்டது. அது வேறொருவர் தோல். இவ்வெண்களைக் காட்டும் துளிக்குழாய், கணினியிலுள்ள ஏறத்தாழ எல்லாப் படச் செயலிகளிலும் உண்டு. ஐயம் வந்தால் முதற் படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, கன்னத்தின் ஒரே இடத்தை இருமுறை அளந்து பார்க்கலாம்.

கணினி எப்போது வேண்டும்?

கைத்தொலைபேசியால் இவ்வளவும் முடியுமாயின் கணினி எதற்கு என்று கேட்கலாம். கைத்தொலைபேசியில் எடுத்த, அளவாக இருண்ட ஒரு படத்துக்குக் கணினி வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. ஆனால் ஓர் எல்லை உண்டு. ஆச்சியின் முகத்தை மேலும் மேலும் ஏற்றிப் பார்த்தால், ஒரு கட்டத்திலே கழுத்து நிழலில் ஊதாவும் பச்சையுமான திட்டுகள் தோன்றத் தொடங்கும். கைத்தொலைபேசி சேமித்த JPEG கோப்பு, நிறம் ஒவ்வொன்றையும் 256 படிகளாக மட்டுமே வைத்திருக்கிறது. கண்ணுக்கு அவசியமில்லையென்று கருதிய விபரங்களை இருளான பகுதியிலிருந்து எறிந்தும்விட்டது. இல்லாததை உயர்த்தினால் திட்டுத்தானே எழும்? திட்டுகள் தெரிந்தவுடன் அதற்கு ஒருபடி கீழே நின்றுவிட வேண்டும்.

இவ்வெல்லையைக் கடக்க உதவுவது RAW எனப்படும் மூலக் கோப்பு. பெரிய கமெராக்கள் இதிலே ஒரு நிறத்துக்கு 4096 படிகளையோ 16384 படிகளையோ வைத்திருக்கின்றன. இருளிலிருந்து முகத்தை மீட்க அதில் இடம் நிறைய உண்டு. மாமாவிடமோ பாடசாலைச் சங்கத்திலோ அத்தகைய கமெரா ஒன்றிருந்து, அதில் மூலக் கோப்பாக எடுத்தால், கணினிக்குப் போவதில் அர்த்தமுண்டு.

கைத்தொலைபேசியிலும் சிலவற்றில் மூலக் கோப்பு எடுக்கலாம். அதனை எடுத்துக் கணினியில் திறந்த புதியவர் பலர் ஏமாற்றமடைகின்றனர். படம் மங்கலாகவும் மணல் தூவியதுபோலவும் தெரியும். கைத்தொலைபேசி சாதாரண முறையில் எடுக்கும்போது, ஒரு தொடுகையிற் பல படங்களை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, மணலை வடித்துவிடுகிறது. மூலக் கோப்பில் பெரும்பாலும் அந்த உதவி இல்லை. சிறு கமெரா ஒரே தடவையிற் கண்டது மட்டுமே அதில் இருக்கும். ஆகவே மூலக் கோப்பு எப்போதும் மேலானது என்று புத்தகங்களிற் படித்துவிட்டுக் கைத்தொலைபேசிப் படத்துக்கும் அதனைப் பொருத்த வேண்டாம்.

கணினியிற் கட்டணமில்லாத செயலிகள் இரண்டை இங்கு கூறினாற் போதும். ஒன்று darktable. மூலக் கோப்பைக் கையாள்வதே இதன் முதற் தொழில். இச்செயலி உங்கள் படத்தை ஒருபோதும் தொடுவதில்லை. செய்த திருத்தங்களையெல்லாம் XMP என்ற முடிவுடைய சிறு கோப்பொன்றிலே பக்கத்தில் எழுதிவைக்கிறது. ஐந்து வருடங்கள் கழித்துத் திறந்தாலும் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே மாற்றலாம். முகத்தை மட்டும் தெளிவாக்க, exposure என்னும் பகுதியைத் திறந்து, முகத்தைச் சுற்றி நீள்வட்டமொன்று வரைந்து, அதன் ஓரத்தை அகலமாக மென்மையாக்கி, ஒளியை ஏற்ற வேண்டும். ஓரத்தை மென்மையாக்க மறந்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும், ஆச்சி தெய்வமாகிவிடுவார். இதன் குறை, பழகுவதற்கு நாள் எடுப்பது. திரை நிறைய அறிமுகமில்லாத பெயர்கள். கணினிக்கும் வலு வேண்டும். 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் அலுப்பின்றி வேலைசெய்யலாம்.

மற்றையது GIMP. 1995 இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய முயற்சி இது. இது மூலக் கோப்பைத் தானே திறவாது. ஆனால் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலைசெய்வதற்குச் சிறந்தது. ஆச்சியின் தலைக்குப் பின்னாற் செல்லும் மின்கம்பியை அகற்றவோ, குடும்பப் படத்திற் கண்மூடிய சிறுவனின் முகத்தை அடுத்த படத்திலிருந்து எடுத்துப் பொருத்தவோ இதுவே ஏற்றது. அத்தகைய நுண்ணிய வேலையிலே விரல் முகத்தையே மறைத்துவிடும், சுட்டி மறைக்காது. பழைய கணினியிலும் இது ஓரளவு ஓடும். புதியவர் இடறும் இடமொன்றை மட்டும் சொல்லிவைப்போம். இதில் Save என்று கொடுத்தால் XCF என்ற கோப்புக் கிடைக்கும். படலங்கள் அனைத்தும் அதில் இருக்கும். ஆனால் அச்சிடும் கடையில் அதனைத் திறக்கமாட்டார்கள். கடைக்குக் கொண்டுபோக Export As என்பதைத் தெரிந்து JPEG ஆக எடுக்க வேண்டும். முன்னதை வீட்டில் வைத்துக்கொண்டு, பின்னதைக் கடைக்கு அனுப்புக.

அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் பற்றியும் கேட்பார்கள். கைத்தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே முறையில் வேலைசெய்யக்கூடிய திறமான செயலி அது, அதில் ஐயமில்லை. கைத்தொலைபேசியில் ஒரு பகுதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் கணினியிற் பயன்படுத்துவதற்குச் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்றால், படங்கள் உங்களிடம் இருக்கும். திருத்தும் கருவிகள் பூட்டப்படும். படத்தால் வருமானம் தேடுவோருக்கு அது பெரிதல்ல. பாடசாலை மாணவன் முதலிற் பழகும் செயலியாக அதனை நாம் சொல்லமாட்டோம்.

ஆகவே பேரனுக்கு நாம் சொல்வது இதுவே. இந்தப் படத்தைக் கைத்தொலைபேசியிலேயே செய்யட்டும். ஓர் இருபது முப்பது முகங்களை அவ்வாறு செய்து, திட்டு எழும் எல்லையைத் தன் கண்ணாற் கண்ட பின்னர், பெரிய கமெரா கைக்கு வரும்போது டார்க்டேபிளுக்குப் போகட்டும். ஒட்டி வெட்டும் வேலை முதலில் வந்தால் கிம்ப்புக்குப் போகட்டும். ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் இப்போதே கணினியைக் கடன்வாங்கலாம். திருத்தி முடித்த படத்தைப் பெரிய திரையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உள்ளங்கைத் திரையில் ஒளிந்திருந்த முகமூடித் தோற்றமும், தடவிய Healing தழும்புகளும் அங்கே வெளிப்படும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது

இரவில் கைத்தொலைபேசியிற் படம் திருத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு இதமென்று திரையை மஞ்சளாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அந்த மஞ்சளைப் படத்தின் மஞ்சளென்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடுவோம். காலையிற் பார்த்தால் முகம் குளிரில் விறைத்ததுபோலிருக்கும். அதனை நிறுத்திவிட்டு, திரையின் பிரகாசத்தையும் பாதியளவில் வைத்து வேலைசெய்க. முழுப் பிரகாசத்திலே தெளிவாகத் தெரியும் முகம் அச்சிலே இருண்டுவிடும். காகிதம் தானே ஒளிவிடுவதில்லையல்லவா?

பெரிய அச்சுக்குக் கொடுக்குமுன், 4க்கு 6 அங்குலத்தில் ஒன்றை அச்சிட்டு, அதனைப் பகல் வெளிச்சத்தில், சுவரில் மாட்டப்போகும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். முகம் இருளாகத் தெரிந்தால் Selective புள்ளிகளை இன்னும் 10 ஏற்றி மீண்டும் கொடுக்கலாம். கடைகளிலே பல, வரும் படங்களை இயந்திரத்தால் தாமே ஒருமுறை திருத்தி அச்சிடுகின்றன. கவனமாக வைத்த தோல் நிறம் அதில் மாறிவிடக்கூடும். ஆகையாற் கோப்பைக் கையளிக்கும்போதே, "ஒரு திருத்தமும் செய்யாமல் உள்ளபடி அடியுங்கோ" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சிறிய அச்சுத் திரும்பி வந்ததும், அதனை ஆச்சியின் கையில் கொடுத்து, அருகே நின்று அவர் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னர் பெரியதற்குச் சொல்லலாம்.